கட்டத்துக்கு அஜ்ரக் பொருந்தியது ஏன், பிங்க்குக்குப் பிங்க் பொருந்தாதது ஏன்?

கேள்வி: வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்து இணையத்திலும் விற்கிறேன். கடுகு மஞ்சளில் செங்கல் சிவப்புக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு நீல அஜ்ரக் அச்சுத் துணியில் ப்ளவுஸ் தைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். ராணி பிங்க் பட்டுக்குப் பிங்க் பூப்போட்ட காட்டனில் தைத்தேன். வாங்கியவர் "ஒட்டவே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே கண்டாங்கிக்கு இன்னொருவர் கட்டம் போட்ட ப்ளவுஸ் கேட்டார், அதுவும் சரிவரவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, வாயால் சொல்ல வரவில்லை. ஒரு முரண் வேண்டுமென்றே செய்தது போலத் தெரிவதற்கும், தெரியாமல் நடந்தது போலத் தெரிவதற்கும் என்ன வித்தியாசம்? வாடிக்கையாளரிடம் அதை எப்படிச் சொல்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்:

வணக்கம். மூன்றில் பிங்க்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டும் சுலபம்.

ராணி பிங்க் என்பது நீலம் கலந்த பிங்க். பூப்போட்ட காட்டன்களில் வரும் பிங்க் பெரும்பாலும் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்து, பவளத்தின் பக்கம் போகும். உங்கள் துணியும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பிங்க். பக்கத்தில் வைத்தால் ஒன்று குளிர்ந்தும் மற்றொன்று சூடாகவும் தெரியும். பார்ப்பவர் கண் முதலில் "இது மேட்சிங்" என்று முடிவு கட்டுகிறது, அடுத்த நொடியே "இல்லை, தவறிவிட்டது" என்று மாற்றிக்கொள்கிறது. அந்த ஏமாற்றத்துக்குத்தான் உங்கள் வாடிக்கையாளர் "ஒட்டவே இல்லை" என்று பெயர் வைத்தார். நிறங்கள் மோதியதால் வந்த குறை இல்லை அது. மோத வேண்டிய அளவுக்கு அவை விலகியிருக்கவே இல்லை.

நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. தவறு போலத் தெரிவது பெரும்பாலும் பெரிய முரண் அல்ல, சின்ன முரண். மஞ்சளும் ஊதாவும் அணிந்தவரைப் பார்த்து யாரும் "பாவம், மேட்சிங் கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று நினைப்பதில்லை. அவ்வளவு தூரம் தவறுதலாகப் போக முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். கறுப்பு பேன்ட்டுக்குக் கருநீலச் சட்டை போட்டவரைப் பார்த்தால்தான் இருட்டில் எடுத்து மாட்டிக்கொண்டாரோ என்று தோன்றும்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு துணியையும் ஒரே நிறப்பெயரால் அழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அவை அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் மாறும் அளவுக்கு விலக வேண்டும். இடையில் நிற்கக் கூடாது. ராணி பிங்க்குக்கு அதே ராணி பிங்க் சரி. வெளிர்ந்த தாமரை நிறமும் சரி, ஏனென்றால் அதை யாரும் ராணி பிங்க் என்று சொல்ல மாட்டார்கள். அரக்கும் சரி. "இதுவும் பிங்க், அதுவும் பிங்க், ஆனால்..." என்று இழுக்க வேண்டியிருந்தால் அந்தத் துணியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அச்சாக ஒன்றாக இருப்பது சொல்கிற அளவுக்கு எளிதில்லை. மேட்சிங் சென்டரில் ட்யூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரிந்தவை வாசலுக்கு வந்ததும் பிரிந்துவிடும். இரண்டு துணிக்கும் சாயம் வேறு. ஒரு விளக்கில் இரண்டும் ஒரே மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பினாலும் இன்னொரு விளக்கில் அப்படிச் செய்வதில்லை. பட்டு மின்னும், காட்டன் மின்னாது என்பது அதற்கு மேல். நம் வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசல் வெயிலுக்கு வந்து பார்ப்பது மிகச் சரியான காரியம். நான் இன்னும் ஒன்று சேர்ப்பேன். சேலை கல்யாண மண்டபத்தில் உடுத்தப் போவது என்றால் மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் மேட்சிங் என்று சொல்லி விற்கலாம்.

சரி, இப்போது பாராட்டு வாங்கிய ஜோடிக்கு வருவோம். கடுகு மஞ்சள் கண்டாங்கி, நீல அஜ்ரக்.

மஞ்சளும் நீலமும் வெகு தூரம் விலகிய நிறங்கள். அதனால் முதல் கண்டம் தாண்டியாகிவிட்டது, யாரும் இதைத் தவறிய மேட்சிங் என்று நினைக்கப் போவதில்லை. ஆனால் விலகல் மட்டும் போதாது. எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு துணிகள் விலகி நின்றால், கைக்குக் கிடைத்ததை உடுத்திக்கொண்டது போலத்தான் இருக்கும். தேர்ந்தெடுத்த ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பதற்குப் பார்ப்பவருக்கு ஒரு சாட்சி வேண்டும். உங்கள் ஜோடியில் அந்தச் சாட்சி சிவப்பு.

கச்சிலும் சிந்திலும் செய்யப்படும் அஜ்ரக்கில் மரபாக ஆளும் நிறங்கள் இரண்டு: அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும். கூடவே கறுப்பும் வெள்ளையும். அந்த மஞ்சிட்டிச் சிவப்பு கொஞ்சம் பழுப்பு கலந்தது, செங்கல்லுக்கு மிக அருகில் வரும். உங்கள் கண்டாங்கியின் கட்டக் கோட்டில் இருப்பதும் செங்கல் சிவப்பு, கரையிலும் பெரும்பாலும் அதுவே இருக்கும். ஆக, பார்ப்பவர் கண் ப்ளவுஸின் நட்சத்திரப் பூவுக்குள் ஒரு சிவப்பைப் பார்க்கிறது, கீழே இறங்கி மடிப்பில் அதே சிவப்பைப் பார்க்கிறது. ஒருமுறை வந்தால் தற்செயல். இரண்டாம் முறை, வேறொரு துணியில், வேறொரு வடிவத்தில் வந்தால் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். முதலில் "ஒரே பெயர் வந்தால் அச்சாக இருக்க வேண்டும்" என்றேன், இப்போது செங்கல்லும் மஞ்சிட்டியும் "அருகில்" இருந்தால் போதும் என்கிறேன். காரணம், பரப்பு. அஜ்ரக்கில் சிவப்பு விரல்நுனி அளவுத் துண்டுகளாக, நீலத்துக்கு நடுவில் கிடக்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில், அதுவும் வேறொரு வலுவான நிறம் சூழ்ந்திருக்கும்போது, கண்ணால் சின்ன வேறுபாட்டை எடைபோட முடியாது. தோராயமாக ஒப்புக்கொண்டு போய்விடும். முழு ப்ளவுஸ் பிங்க்காக, முழுச் சேலை பிங்க்காக இருக்கும்போது அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து வடிவங்களைப் பாருங்கள். கண்டாங்கியின் கட்டம் பெரியது. ஒரு கட்டம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ப்ளவுஸுக்கு எடுத்த அஜ்ரக்கில் ஒரு பூ அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ இருந்திருக்கும். ஒன்றில் மற்றொன்று மூன்று நான்கு முறை அடங்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கட்டம் கட்டமாகவே தெரியும். அஜ்ரக்கோ தனிப் பூக்களாகத் தெரியாமல் ஒரு கருநீலப் பரப்பாகத் தெரியும். அதாவது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் ஜோடியில் ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது. பக்கத்தில் வந்தால்தான் இரண்டாவது வடிவம் திறக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கத்தாமல் முறைவைத்துப் பேசுவதால் சண்டை வரவில்லை.

உங்கள் மூன்றாவது ஜோடி தோற்றதும் இதே இடத்தில்தான். 2 அங்குலக் கட்டச் சேலைக்கு ஒன்றரை அங்குலக் கட்ட ப்ளவுஸ் போட்டால் இரண்டும் ஒரே தூரத்தில் தெரியும், இரண்டும் கட்டம், இரண்டும் நேர்கோடு. மறுபடியும் பிங்க் கதைதான், நிறத்துக்குப் பதில் அளவில் நடக்கிறது. ஒரே கட்டமாக இருக்க முயன்று அரை அங்குலம் தவறியது போல இருக்கும். போதாததற்குத் தோளில் முந்தானைக் கட்டமும் கைக் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது ஒன்றின் கோடு மற்றொன்றின் கோட்டோடு சேராமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போகும். கண் அந்தக் கோடுகளைச் சேர்க்கப் பார்த்துக் களைத்துவிடும்.

அந்த வாடிக்கையாளர் மறுபடி வந்து கட்டம்தான் வேண்டும் என்றால் மறுக்க வேண்டாம். கால் அங்குலத்துக்கும் குறைவான பொடிக்கட்டம் எடுங்கள். சேலைக் கட்டத்தின் சிவப்பும் ஒரு வெள்ளையும் கலந்த பாலும் பழமும் கட்டம் கிடைத்தால் மிகப் பொருத்தம். நடுத்தரக் கட்டம்தான் கையில் இருக்கிறது என்றால் கிராஸ் கட்டிங்கில் வெட்டுங்கள். கட்டம் சாய்சதுரமாகத் திரும்பிவிடும். அளவு அருகருகே இருந்தாலும் திசை 45 டிகிரி மாறிவிட்டதால், கோடுகள் சேர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பார்ப்பவருக்கு வராது. துணி கூடுதலாகப் பிடிக்கும், அதனால் விலை சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையை மட்டும் கிராஸாக வெட்டி உடலை நேராக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோள்பட்டைத் தையலில் நேர்க்கட்டமும் சாய்கட்டமும் முட்டிக்கொள்ளும்.

முட்டிக்கொள்ளும் இடம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நிறங்களைத் துண்டு துண்டாகப் பக்கத்தில் வைக்கும்போது, அவை சந்திக்கும் கோடு எப்படி இருக்கிறது என்பது நிறத்தேர்வு அளவுக்கே முக்கியம். அஜ்ரக்கை உற்றுப் பாருங்கள். சிவப்பும் நீலமும் நேராகத் தொடும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சால் ஒற்றி, சாயம் ஏறாமல் தடுத்து அந்த வெள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். கலம்காரியில் அந்த வேலையைக் கறுப்புக் கோடு செய்கிறது. 1965இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோன்ட்ரியானின் ஓவியங்களைத் தழுவிப் பாரிஸில் காட்டிய உடைகளிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களுக்கு நடுவில் தடித்த கறுப்புப் பட்டை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் துண்டாக வெட்டி இணைத்தது, உடலுக்கான வளைவை எல்லாம் அந்த இணைப்புகளுக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். தொடவிடாமல் பிரித்து வைத்தால் எவ்வளவு எதிரான நிறங்களும் ஒழுங்காக இருக்கும்.

காஞ்சிபுரம் கோர்வை இதன் இன்னொரு எல்லை. அங்கே உடல் நிறமும் கரை நிறமும் உண்மையிலேயே தொடுகின்றன, ஆனால் எவ்வளவு துல்லியமாக! உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடையிலும் கரையின் இழையையும் உடலின் இழையையும் ஒன்றோடொன்று கோத்து நெய்கிறார்கள். மரபான தறியில் நெய்பவருக்குத் துணையாக நாடா தள்ள இன்னொரு கை தேவைப்படும். கரையில் உடலின் நிறம் கொஞ்சம்கூடக் கலக்காமல் இருப்பதற்கு அவ்வளவு உழைப்பு. அதனால்தான் கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரையைப் பார்த்து யாரும் முரண் என்று முகம் சுளிப்பதில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தவறுதலாக ஒரு கோடு வராது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

நீங்கள் தைக்கும்போது இதே பாடத்தைத் தையலுக்குக் கொண்டுவரலாம். இரண்டு நிறத்தில் ப்ளவுஸ் தைத்தால் நிறம் மாறும் இடம் உடலின் ஒரு நியாயமான இடத்தில் விழ வேண்டும்: கை முடியும் இடம், தோள்பட்டைத் தையல், கழுத்துப்பட்டி. கையின் நடுவில் துணி போதாததால் ஒட்டுப்போட்டது போல ஒரு கோடு வந்தால், அது உண்மையில் வடிவமைப்பாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பைப்பிங் வைப்பது இதற்குப் பழைய, நல்ல வழி. கால் அங்குலத்துக்கும் குறைந்த ஒரு கோடு, சேலையில் இருந்து எடுத்த நிறத்தில், இரண்டு துணிக்கும் நடுவில் ஓடினால் அதுவே "தெரிந்துதான் வைத்தேன்" என்று சொல்லிவிடும்.

இனி நிறத்தில் எல்லாரும் கவனிக்கத் தவறுவது. நிறப்பெயரைப் பார்க்கிறோம், எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று பார்ப்பதில்லை. குங்குமச் சிவப்பும் இலைப்பச்சையும் பெயரால் எதிரெதிர், ஆனால் அடர்த்தியில் பல சமயம் ஒன்று. இப்படி ஒரே அடர்த்தியில், இரண்டும் பளிச்சென்று இருக்கும் நிறங்கள் தொட்டால் அந்த விளிம்பு நிற்காமல் துடிப்பது போல இருக்கும். கண்ணுக்குள் விளிம்பைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை நம்பி நடக்கிறது. அது இல்லாதபோது எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தடுமாறுகிறது. வாடிக்கையாளர்கள் "கலர் அடிக்குதுங்க" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கிளிப்பச்சைக்கு அரக்கு அடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பச்சை வெளிர், அரக்கு அடர்.

சோதிப்பது சுலபம். இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டால் அடிக்கும் ஜோடி. அதை விட்டுவிட வேண்டும் என்றில்லை. நடுவில் ஜரிகைக் கோடோ கறுப்புப் பைப்பிங்கோ கொடுங்கள், அல்லது ஒன்றை இரண்டு படி வெளிர் ஆக்குங்கள். உங்கள் கடுகும் அவுரியும் இந்தச் சோதனையில் நன்றாகப் பிரியும். கடுகு நடுத்தரச் சாம்பலாகவும் அவுரி கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வரும். மொபைலின் கறுப்பு வெள்ளை கண் பார்ப்பதற்கு அச்சு நிகர் இல்லைதான், ஆனால் ப்ளவுஸ் துணி எடுப்பதற்கு அது போதும்.

பக்கத்தில் வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயத்தில் ஆழம் போதவில்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை வலுவிழந்ததாகக் காட்டின. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிவிடும் என்பதை அவர் 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். சந்தன நிற ப்ளவுஸ் துணி கடையில் சந்தனமாக இருந்து, அடர்பச்சைச் சேலையோடு உடுத்தியதும் லேசாக இளஞ்சிவப்பு அடிப்பதும் இதனால்தான். துணியைத் தனியாகப் பார்த்து வாங்கியவர் உங்களைக் குறை சொல்வார். சேலையோடு வைத்துக் காட்டி வாங்க வைத்தால் அந்தப் பேச்சே வராது.

இப்போது சொல்லும் விதம். "போல்ட்", "ட்ரெண்டி", "யுனிக்" எல்லாம் உங்கள் மகிழ்ச்சியைச் சொல்கின்றன, துணியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. படித்தவருக்குச் சேலையில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாது. நான் எழுதும்போது முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்வேன், அதன் பிறகே எதில் விலகுகின்றன என்பதை. இந்த வரிசை முக்கியம். "மஞ்சள் சேலைக்கு நீல ப்ளவுஸ்" என்று விலகலில் தொடங்கினால், படிப்பவர் மனதில் முதலில் சந்தேகம்தான் எழும். பொதுவானதில் தொடங்கினால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்.

உங்கள் ஜோடிக்கு நான் இப்படி எழுதுவேன்: "கண்டாங்கிக் கட்டத்தில் ஓடும் செங்கல் சிவப்பு, அஜ்ரக் பூவின் நடுவிலும் இருக்கிறது. சேலையில் பெரிய நேர்க்கட்டம், ப்ளவுஸில் பொடி நட்சத்திரம். அடர் அவுரி நீலம் கடுகு மஞ்சளைத் தூக்கிக் காட்டும்." மூன்று வரிதான். ஆனால் இதைப் படித்தவர் படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பைத் தேடுவார். கண்டுபிடித்ததும் அந்த ஜோடி அவருக்கே தோன்றியது போல ஆகிவிடும். "தூக்கிக் காட்டும்", "எடுப்பாக இருக்கும்" போன்ற சொற்களைத் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் எது எதைத் தூக்கிக் காட்டுகிறது என்று சேர்த்து எழுதுங்கள்.

வாடிக்கையாளர் குறை சொல்லும்போதும் இதே காதோடு கேளுங்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவர்கள் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் சரியான இடத்தைத் தொடும். "அடிக்குது" என்றால் அடர்த்தியைப் பாருங்கள், கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். "அமுக்குது" என்றால் ஒரு துணியின் வடிவம் மற்றதைவிடப் பெரிதாகவும் பளிச்சென்றும் இருந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது என்று பொருள். பெரிதை அப்படியே விட்டு மற்றதைச் சாதா துணியாக மாற்றினால் சரியாகும். "ஒட்டல" என்று சொன்னால் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பொதுவாக ஒன்றுமே இல்லையா, அல்லது ஒன்றாக இருக்க முயன்று தவறிவிட்டதா? முதலாவதற்கு ஏதாவது ஒன்றைத் திரும்ப வரவைக்க வேண்டும், கழுத்துப் பைப்பிங்கோ கைக்கரையோ போதும். இரண்டாவதற்கு அது உதவாது. துணியை மாற்றுவதுதான் வழி.

பொதுவானது நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கங்கா ஜமுனா சேலைகளைப் பாருங்கள். ஒரு கரை ஒரு நிறம், மறு கரை வேறு நிறம். சொல்லிக் கேட்டால் விசித்திரமாக இருக்கும், உடுத்திப் பார்த்தால் அப்படி இருக்காது. பெரும்பாலும் இரண்டு கரைக்கும் அகலம் ஒன்று, அதில் ஓடும் வேலைப்பாடு ஒன்று, நிறம் மட்டும் வேறு. மற்ற எல்லாவற்றையும் பிடித்துவைத்து ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த மாற்றம் பளிச்சென்று தெரியும், வேண்டுமென்றே செய்ததாகவும் தெரியும். இதையே நீங்கள் இரண்டு கைக்கும் வெவ்வேறு நிறம் வைத்துத் தைத்துப் பார்க்கலாம். துணியின் தரம், அச்சு வடிவம், கைநீளம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இது எடுபடும். நிறமும் மாறி வடிவமும் மாறினால் மிச்சத் துணியில் தைத்தது என்பார்கள்.

மூன்று வடிவங்களைக் கலப்பது பற்றிச் சுருக்கமாக. கண்டாங்கி, அஜ்ரக் இரண்டோடு நிறுத்துவதே நல்லது. மேலே சால்வையோ கையில் துணிப்பையோ மூன்றாவது வடிவத்தில் வருவதானால், அது அளவில் முதல் இரண்டிலிருந்தும் தெளிவாக வேறுபட வேண்டும், ஏற்கெனவே இருக்கும் நிறத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. சாதா அவுரி நீலத்தில் ஒரு பை போதும். அது ப்ளவுஸின் நீலத்தை இன்னொரு முறை கீழே கொண்டுவந்து காட்டிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இவையெல்லாம் ஒரு ஜோடி வேண்டுமென்றே செய்ததாகத் தெரிகிறதா என்பதைச் சொல்லும், பிடிக்குமா என்பதைச் சொல்லாது. சிவப்பு இரண்டு முறை வந்தாலும், அளவு பிரிந்தாலும், விளிம்பு சுத்தமாக இருந்தாலும், "எனக்கு மஞ்சளும் நீலமும் சேர்ந்தாலே பிடிக்காது" என்று ஒருவர் சொல்லலாம். அவரிடம் விவாதிக்க வேண்டாம், வேறு துணி காட்டுங்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டில என்ன சொல்வாங்களோ" என்று தயங்குபவரிடம்தான் இந்தப் பேச்சு பலிக்கும். அவருக்குத் தேவை உங்கள் ரசனை அல்ல, வீட்டில் போய்ச் சொல்ல ஒரு காரணம். "பார்டர்ல இருக்கிற சிவப்பைப் பார்த்துதான் எடுத்தேன்" என்று அவரால் சொல்ல முடிய வேண்டும்.

திரும்பி வந்த பிங்க் ப்ளவுஸை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதை ராணி பிங்க்கோடு இனி காட்ட வேண்டாம். அந்தப் பூக்களுக்கு இலை இருந்தால் இலையின் பச்சையில், அல்லது அடர்ந்த அரக்கில் ஒரு சாதாக் காட்டன் சேலையோடு வைத்துப் படம் எடுங்கள். காலை வெளிச்சத்தில், சேலை மடிப்பு ப்ளவுஸின் கையைத் தொடும்படி வைத்து எடுங்கள். பூவில் இருக்கும் எந்த நிறம் சேலையில் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.